ஆய்வேட்டு வரைவுக்குக் கால நீடிப்புக் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்: மலையக மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்பின் படிப்பைத் தொடர்பவர்கள் நிறையப் பேர். வார நாட்களில் தோட்டப் பாடசாலையில் வகுப்பு, வார இறுதியில் பேராதனைக்கு பஸ் ஏறி விரிவுரை, இரவில் ஆய்வேடு என்று ஓடுகிறது அவர்களின் வாழ்க்கை. இடையில் மழை வந்து பாதை மூடப்பட்டால், அல்லது தோட்டத் துரையின் அனுமதி தாமதமானால், மேற்பார்வையாளருக்குச் சொன்ன திகதி தவறிவிடுகிறது. அப்போது ஒரு மின்னஞ்சல் எழுதவேண்டும். பலர் அதை எழுதத் தயங்கித் தயங்கி, திகதிக்கு முதல் நாள் இரவு எழுதுகிறார்கள். அந்த அவசரத்தில் மரியாதைச் சொற்கள் நிறைய வந்துவிடும், பேராசிரியர் முடிவெடுக்கத் தேவையான விபரம் ஒன்றும் வராது.

இங்கே ஒரேயொரு சந்தர்ப்பத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். ஹட்டன் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, பகுதிநேரமாகக் கல்வி முதுமாணி படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள் ஏன் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்பது அவருடைய ஆய்வு. 24 பெற்றோரை நேர்காணல் செய்யத் திட்டமிட்டு 17 பேரை முடித்துவிட்டார். மீதி ஏழு பேரும் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிறார்கள். ஜூன் 8, 15 ஆகிய இரு ஞாயிறுகளில் அவர்களைச் சந்திப்பதாக ஏற்பாடு. ஜூன் 6 அன்று மண்சரிவு எச்சரிக்கை வந்தது, மேல் டிவிசன் லயன்களில் இருந்தவர்கள் பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள், 16ஆம் திகதிதான் வீடு திரும்பினார்கள். பகுப்பாய்வு அத்தியாயத்தின் வரைவை ஜூன் 30 அன்று கொடுக்கவேண்டும். இன்று ஜூன் 17, செவ்வாய்க்கிழமை.

அந்தத் திகதியை மாற்றும் அதிகாரம் யாரிடம்?

எழுத உட்காரும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டப்பின் படிப்பில் “கடைசித் திகதி” என்று நாம் சொல்வது எல்லாம் ஒரே வகை அல்ல.

அத்தியாய வரைவை எப்போது தருவது என்பது பெரும்பாலும் மேற்பார்வையாளரும் மாணவரும் பேசி வைத்துக்கொண்ட திகதி. அதை மாற்ற மேற்பார்வையாளரின் சம்மதம் போதும். பாட அலகு ஒன்றின் ஒப்படை என்றால் அந்த விரிவுரையாளரோடு பாடநெறி இணைப்பாளரும் சம்பந்தப்படுவார், ஏனென்றால் எல்லா மாணவருக்கும் ஒரே திகதி கொடுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, ஆய்வேட்டை இறுதியாகச் சமர்ப்பிக்கும் திகதி. அது உங்கள் பதிவுக் காலத்தோடு இணைந்தது. பேராசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைத் தனியாக நீட்டித்துத் தர அவரால் முடியாது. அதற்குப் பட்டப்பின் படிப்பு அலுவலகத்தின் விண்ணப்பம் இருக்கும், மேற்பார்வையாளரின் சிபாரிசு வேண்டும், சபை ஒன்றின் அங்கீகாரம் வேண்டும், பல இடங்களில் கட்டணமும் உண்டு.

இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் என்ன நடக்கும்? “சரி, ஜூலையில் தாருங்கள்” என்று மேற்பார்வையாளர் வரைவுக்குச் சொன்ன பதிலை, முழு ஆய்வேட்டுக்கும் கிடைத்த நீடிப்பு என்று மாணவர் நம்பிவிடுவார். பிறகு பதிவுக் காலம் முடிந்துவிட்டது என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்போதுதான் விஷயம் தெரியும். ஆகவே உங்கள் பாடநெறிக் கைநூலை எடுத்துப் பதிவு முடியும் திகதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கேட்கப்போகும் புதிய திகதி அதற்கு மிக அருகில் போகிறது என்றால், அதையும் மின்னஞ்சலில் ஒரு வரியாகச் சொல்லவேண்டும்.

நம் ஆசிரியையின் ஜூன் 30 மேற்பார்வையாளரோடு பேசி வைத்த திகதி. அதனால் மின்னஞ்சல் அவருக்கு மட்டும் போகும். பீடாதிபதிக்கோ துறைத்தலைவருக்கோ பிரதி போடத் தேவையில்லை. கேட்காமல் மேலிடத்துக்குப் பிரதி போட்டால், மேற்பார்வையாளரை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

எழுதுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

“இன்னும் இரண்டு வாரம் தாருங்கள்” என்று கேட்பவரிடம் “ஏன் இரண்டு?” என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. கேட்கக் கூச்சமாக இருப்பதால் குறைவாகக் கேட்கிறோம். அந்தக் குறைவான நாட்களும் போதாமல் திரும்பவும் கேட்கவேண்டி வருகிறது. முதல் கோரிக்கையைப் பேராசிரியர்கள் இலகுவாகத் தருவார்கள், இரண்டாவதைத் தருவதுதான் கஷ்டம். அதனால் திகதியைக் கூச்சத்திலிருந்து எடுக்காமல் வேலையிலிருந்து எடுக்கவேண்டும்.

ஆசிரியையின் கணக்கைப் பார்ப்போம். மீதி நேர்காணல்கள் ஏழு. மேல் டிவிசன் பெற்றோர் வார நாட்களில் மலைக்குப் போய்விடுவார்கள். கொழுந்து நிறுத்து வீடு வந்து, தண்ணீர் விறகு வேலை முடியும்போது இருட்டிவிடும். களைத்து வந்தவரை உட்காரவைத்து நாற்பது நிமிடம் பேசவைப்பது சரியுமல்ல, அப்படிப் பெறும் பதில்களில் ஆழமும் இருக்காது. ஆகவே ஞாயிறு மட்டும்தான். ஒரு ஞாயிற்றில் மூன்று பேரை நிதானமாகச் சந்திக்கலாம். ஜூன் 22 அன்று மூன்று, 29 அன்று மூன்று, ஜூலை 6 அன்று ஒன்று.

அடுத்தது ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்கும் வேலை. ஆய்வு செய்பவர்கள் அதிகமாகத் தவறவிடும் கணக்கு இதுதான். ஒரு மணித்தியாலப் பேச்சை எழுதி முடிக்க நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை போகும். பின்னால் மழைச் சத்தம், குழந்தை அழுகை, இடையில் பேசும் பக்கத்து வீட்டுக்காரர் என்று இருந்தால் இன்னும் கூடும். நாற்பது நிமிடப்படி ஏழு நேர்காணல் என்றால் ஏறத்தாழ நான்கே முக்கால் மணித்தியாலப் பேச்சு. ஒன்றுக்கு ஐந்து என்று வைத்தால் 23, 24 மணித்தியால வேலை. வார நாட்களில் இரவு ஒன்றரை மணித்தியாலமும் சனிக்கிழமை நான்கு மணித்தியாலமும் கிடைத்தால் வாரத்துக்குப் பதினொன்றரை. இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். முதல் ஞாயிறு முடிந்ததுமே தொடங்கிவிடுவதால் ஜூலை 12க்குள் முடியும். ஏழு பேரின் பதில்களையும் சேர்த்து அத்தியாயத்தைத் திருத்தி எழுத இன்னொரு வாரம். ஆக, ஜூலை 20 ஞாயிறு. அடுத்த வேலை நாளான ஜூலை 21 திங்கட்கிழமையைக் கேட்கலாம்.

இடையில் ஒரு ஞாயிறு மழையால் கெட்டால்? மீதமுள்ள இரண்டு ஞாயிறுகளில் மூன்றும் நான்குமாக எடுத்துவிடலாம். அந்த இடம் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜூனிலும் ஜூலையிலும் தென்மேற்குப் பருவமழை நிற்காது என்பதால் இந்த இடத்தை விடாமல் திகதி சொல்வது ஆபத்து. அதற்காக எந்த விளக்கமும் இல்லாமல் ஒரு மாதம் கூட்டிக் கேட்பதும் நல்லதல்ல, பேராசிரியர் தானும் களஆய்வு செய்தவர், கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

அவர் மனதில் வரும் முதல் கேள்வி

எத்தனையோ ஆய்வேடுகளை வாசித்த ஒரு பேராசிரியர், “ஏழு நேர்காணல் மிச்சம்” என்று கண்டதும் கேட்கக்கூடியது இதுதான்: பதினேழு பேர் போதாதா? பண்புசார் ஆய்வில் புதிய கருத்துகள் வருவது நின்றுவிட்டால் தரவு நிறைவடைந்துவிட்டது என்று கொள்வது வழமை. அப்படியானால் ஏழு பேரை விட்டுவிட்டு எழுது என்று அவர் சொல்லலாம், சொல்வதில் நியாயமும் உண்டு.

அதனால் அந்த ஏழு பேர் எதற்காகத் தேவை என்பதை நீங்களே முதலில் யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே தேவையில்லை என்று தோன்றினால் நீடிப்பே கேட்கவேண்டாம். நம் ஆசிரியையின் விஷயத்தில் தேவை இருக்கிறது. முடிந்த பதினேழு பேரும் பாடசாலைக்கு அருகிலுள்ள டிவிசன்களைச் சேர்ந்தவர்கள். மேல் டிவிசன் பிள்ளைகள்தான் நான்கு கிலோமீற்றர் நடந்து வருகிறார்கள். அவர்களின் பெற்றோரைக் கேட்காமல் விட்டால், தூரம் வரவைப் பாதிக்கிறதா என்ற ஆய்வுக் கேள்விக்குப் பதில் சொல்லத் தரவே இருக்காது. இந்த ஒரு வாக்கியம் மின்னஞ்சலில் இருந்தால், கோரிக்கைக்குப் பின்னால் ஆய்வுக் காரணம் ஒன்று இருப்பது பேராசிரியருக்கு உடனே விளங்கும்.

வழமையாக எழுதப்படுவது

இதே நிலைமையில் பெரும்பாலும் எழுதப்படும் மின்னஞ்சல் இப்படி இருக்கும்:

> பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு, தங்களது பாதம் பணிந்து எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாக இருக்க இறைவனைப் பிரார்த்திக்கிறேன். சில தவிர்க்க முடியாத காரணங்களாலும் சீரற்ற காலநிலையாலும் என்னால் குறிப்பிட்ட நேரத்துக்குள் வேலையை முடிக்க முடியாமல் போய்விட்டது. தங்களுடைய பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும். தயவுகூர்ந்து எனக்கு இன்னும் சிறிது கால அவகாசம் தந்துதவுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியவரின் மனதில் பயமும் மரியாதையும் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் வாசிப்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். எந்த வேலை? எந்தத் திகதி? எவ்வளவு முடிந்தது? “சிறிது” என்றால் எத்தனை நாள்? இதில் எதற்கும் பதில் இல்லை. அவர் பல மாணவரை மேற்பார்வை செய்பவர், உங்கள் ஜூன் 30 அவர் நினைவில் இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் திருப்பி நான்கு கேள்வி எழுதவேண்டும், அதற்கு நேரமில்லாமல் மின்னஞ்சலை அப்படியே வைத்துவிடுவார். பதில் வராத நாட்களில், பேராசிரியர் கோபித்துக்கொண்டாரோ என்று மாணவர் கலங்குவார்.

பணிவை நீட்டி எழுதுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இவ்வளவு மன்றாடும் ஒருவரிடம் “முடியாது” என்று சொல்வது பேராசிரியருக்கும் சங்கடம். அவர் சுதந்திரமாக முடிவெடுக்க விடுவதுதான் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு “மதிப்பிற்குரிய”, ஒரு “வணக்கம்”, ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி போதும். “தங்கள்” என்று தொடங்கினால் கடைசிவரை “தங்கள்” என்றே எழுதுங்கள், நடுவில் “உங்கள்” என்று மாறவேண்டாம். நேரில் “சேர்”, “மெடம்” என்று அழைத்தாலும் கடிதத் தொடக்கத்தில் அவருடைய பதவிப் பெயரைச் சரியாகப் போடுங்கள். கலாநிதியா பேராசிரியரா என்பது துறையின் இணையப் பக்கத்தில் இருக்கும். அண்மையில் பதவி உயர்ந்தவருக்குப் பழைய பட்டத்தைப் போடுவது சிறிய தவறுதான், ஆனால் கண்ணில் படும்.

வரிக்கு வரி எழுதுவோம்

பொருள் வரியிலிருந்து தொடங்குங்கள். “கால நீடிப்பு தொடர்பாக” என்று மட்டும் போட்டால், அதேபோல் இன்னும் பலருடைய மின்னஞ்சல் அவருடைய பெட்டியில் இருக்கும். எந்த வேலை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிக்கு, உங்கள் பதிவிலக்கம் ஆகியவற்றை அங்கேயே போடுங்கள். பிறகு அவர் தேடும்போதும் கிடைக்கும்.

வணக்கத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் கோரிக்கை வந்துவிடவேண்டும். பேராசிரியர் பெரும்பாலும் கைபேசியில்தான் முதலில் பார்ப்பார், திரையில் தெரிவது ஆரம்ப வரிகள் மட்டுமே. காரணத்தை நீளமாகச் சொல்லிவிட்டுக் கோரிக்கையைக் கடைசியில் வைப்பது நம் பேச்சு வழக்கம். மின்னஞ்சலில் அது உதவாது.

அடுத்தது காரணம். இங்கே சரிபார்க்கக்கூடிய விபரம் கொடுங்கள், ஆனால் சுருக்கமாக. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. முதலாம் கட்டம் மஞ்சள், அது விழிப்பாக இருக்கச் சொல்வது. இரண்டாம் கட்டம் செம்மஞ்சள், தயாராக இருக்கச் சொல்வது. மூன்றாம் கட்டம் சிவப்பு, வெளியேறச் சொல்வது. “சீரற்ற காலநிலை” என்பதற்குப் பதில், எந்தப் பிரிவுக்கு எந்தத் திகதியில் எந்தக் கட்ட எச்சரிக்கை வந்தது என்று எழுதினால் ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும். உடைந்த பாதையின் படங்களைப் பத்துப் பதினைந்து என்று இணைக்கத் தேவையில்லை.

இந்தச் சந்தர்ப்பத்தில் இன்னொன்றையும் சொல்லலாம். பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தபோதே அந்தப் பெற்றோரைச் சந்தித்திருக்கலாமே என்று கேள்வி வரக்கூடும். வீட்டை விட்டு வந்து, பொது மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் இருக்கும் ஒருவரிடம் “உங்கள் பிள்ளை ஏன் பாடசாலைக்கு வருவதில்லை?” என்று கேட்பது ஆய்வு ஒழுக்கத்துக்கு ஒவ்வாது. தனிமையும் இல்லை, மறுக்கும் சுதந்திரமும் இல்லை. கேட்பவர் அதே பாடசாலையின் ஆசிரியை என்றால் இன்னும் மோசம். இதை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும், பேராசிரியர் புரிந்துகொள்வார்.

பிறகு, முடிந்தது என்ன, மீதி என்ன, அது எப்போது முடியும். இதை எழுதும்போது கூட்டிச் சொல்லாதீர்கள். “வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது” என்று எழுதி, அவர் “சரி, இருப்பதை அனுப்புங்கள்” என்றால் அனுப்ப ஏதாவது இருக்கவேண்டும். உண்மையில் இருப்பதை நீங்களே இணைத்துவிடுவது இன்னும் நல்லது. அல்லது பழைய திகதியில் ஒரு பகுதியையாவது தருவதாகச் சொல்லுங்கள். ஜூன் 30ஐப் பேராசிரியர் வாசிப்பதற்காக ஒதுக்கி வைத்திருக்கலாம், அந்த நேரம் வீணாகாது.

கடைசியில் மாற்று வழி. நீடிப்பு முடியாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதினேழு நேர்காணலோடு அத்தியாயத்தை முடித்து, மேல் டிவிசன் சேரவில்லை என்பதை ஆய்வின் மட்டுப்பாடுகளில் எழுதுவது ஆசிரியையின் மாற்று வழி. இதைச் சொல்வதால் கோரிக்கை பலவீனமாகும் என்று பயப்படவேண்டாம். இரண்டு வழியும் முன்னால் இருந்தால் அவர் ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம்.

முழு மின்னஞ்சல்

> பொருள்: கால நீடிப்புக் கோரிக்கை – 4ஆம் அத்தியாய வரைவு – ஜூன் 30 இலிருந்து ஜூலை 21 – (பதிவிலக்கம்)
>
> மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,
>
> வணக்கம். கல்வி முதுமாணி ஆய்வேட்டின் 4ஆம் அத்தியாய வரைவை ஜூன் 30 அன்று தருவதாகக் கூறியிருந்தேன். அதனை ஜூலை 21 திங்கட்கிழமை சமர்ப்பிக்கத் தங்கள் அனுமதியைக் கேட்டு எழுதுகிறேன்.
>
> மேல் டிவிசனைச் சேர்ந்த ஏழு பெற்றோரை ஜூன் 8, 15 ஆகிய தினங்களில் நேர்காணல் செய்ய ஏற்பாடு செய்திருந்தேன். ஜூன் 6 அன்று அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுக்கு மூன்றாம் கட்ட மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டதால் அக்குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. அங்கு தனிமையில் பேச வசதியில்லாததால் நேர்காணலைத் தவிர்த்தேன். நேற்று (ஜூன் 16) அவர்கள் வீடு திரும்பியுள்ளனர்.
>
> திட்டமிட்ட 24 நேர்காணல்களில் 17 முடிந்து எழுத்தில் தயாராக உள்ளன. ஆனால் அந்தப் பதினேழு பேரும் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்கள். மேல் டிவிசன் பெற்றோர் சேராவிட்டால் தூரம் பற்றிய மூன்றாவது ஆய்வுக் கேள்விக்குப் பதில் காண முடியாது.
>
> மீதி வேலையை இவ்வாறு திட்டமிட்டுள்ளேன்: ஜூன் 22, 29, ஜூலை 6 ஆகிய ஞாயிறுகளில் நேர்காணல், ஜூலை 12க்குள் எழுத்தில் இறக்குதல், ஜூலை 20க்குள் அத்தியாயத்தைத் திருத்தி எழுதுதல். மழையால் ஒரு ஞாயிறு தவறினாலும் இத்திகதி மாறாது. எனது பதிவுக் காலத்தையும் இது பாதிக்காது.
>
> திருத்திய 1 முதல் 3 வரையான அத்தியாயங்களை ஜூன் 30 அன்றே அனுப்பிவிடுவேன். 17 நேர்காணல்களின் ஆரம்பப் பகுப்பாய்வை (6 பக்கம்) இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> நீடிப்பு வழங்க இயலாவிட்டால், 17 நேர்காணல்களோடு அத்தியாயத்தை ஜூன் 30 அன்று தந்து, மேல் டிவிசன் சேராததை மட்டுப்பாடாகக் குறிப்பிடுவேன். எந்த வழி பொருத்தமானது என்பதை ஜூன் 20 வெள்ளிக்கிழமைக்கு முன் தாங்கள் அறியத்தந்தால், ஞாயிறு நேர்காணலை உறுதிசெய்ய உதவியாக இருக்கும்.
>
> இதனால் தங்கள் வாசிப்புத் திட்டத்தில் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன். நன்றி.
>
> இப்படிக்கு,
> (பெயர்)
> (பதிவிலக்கம், பாடநெறி, தொலைபேசி இலக்கம்)

இந்த மின்னஞ்சலில் பெற்றோர் எவருடைய பெயரோ லயன் இலக்கமோ இல்லை என்பதைக் கவனியுங்கள். இணைக்கும் பகுப்பாய்விலும் “பெ-03”, “பெ-11” போன்ற குறியீடுகளே இருக்கவேண்டும். தோட்டத்தில் ஒருவரின் டிவிசனும் பிள்ளையின் தரமும் தெரிந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம், அந்த இரண்டையும் சேர்த்து எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

ஜூன் 20க்கு முன் பதில் கேட்டிருப்பதைச் சிலர் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்கலாம். காரணத்தோடு கேட்டால் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கு முன் தெரியவேண்டும் என்பது உண்மைத் தேவை. “உடன் பதில் தரவும்” என்று காரணமில்லாமல் எழுதுவதுதான் உறுத்தும்.

காரணம் நோய், வீட்டில் மரணம், பிரசவம் போன்றதாக இருந்தால் இவ்வளவு விபரம் வேண்டாம். என்ன நடந்தது என்பதை ஒரு வரியிலும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வேலை செய்ய முடியவில்லை என்பதை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது, தேவையென்றால் தருகிறேன் என்று சொன்னால் போதும். நோயின் விபரத்தைப் பேராசிரியரிடம் திறந்து சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அனுப்பும் முன் எழுத்துருவைப் பாருங்கள்

நம்மில் பலர் இன்னும் பாமினியில் தட்டச்சுச் செய்கிறோம். ஆய்வேடும் வேர்ட் கோப்பில் பாமினியிலேயே இருக்கும். அதிலிருந்து ஒரு பந்தியை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், “தமிழ்” என்ற சொல் பேராசிரியரின் கைபேசியில் `jkpo;` என்று தெரியும். உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தாலும் அவருடைய திரையில் எழுத்துக் குவியல்தான். மின்னஞ்சல் முழுவதையும், முக்கியமாகப் பொருள் வரியை, யூனிகோடில் தட்டச்சுச் செய்யுங்கள். கைபேசியின் தமிழ் விசைப்பலகை யூனிகோடில்தான் இருக்கும். பாமினியில் இருக்கும் அத்தியாயத்தை இணைப்பதாக இருந்தால் பிடிஎப் ஆக்கி இணையுங்கள். அப்போது எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். பிறகு அந்த மின்னஞ்சலை முதலில் உங்களுக்கே அனுப்பி, கைபேசியில் திறந்து பாருங்கள்.

பேராசிரியர் சிங்களவர் என்றால், அல்லது உங்கள் பாடநெறி ஆங்கில மூலம் என்றால், அந்த மொழியில் எழுதுங்கள். வரிசை இதேதான். பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதிலிருந்தே அனுப்புங்கள். பாடசாலைப் பருவத்தில் தொடங்கிய செல்லப்பெயர் முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போகும் வாய்ப்பும் உண்டு.

வட்ஸ்அப்பில் கேட்டால் என்ன? சில பேராசிரியர்கள் அதில்தான் உடனே பதில் தருவார்கள். “மின்னஞ்சல் ஒன்று அனுப்பியுள்ளேன் சேர், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்” என்று ஒரு வரி போடலாம், அவர் முன்பே அந்த இலக்கத்தில் உங்களோடு பேசுபவராக இருந்தால். ஆனால் கோரிக்கையும் அனுமதியும் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். மேற்பார்வையாளர் விடுமுறையில் போய் வேறொருவர் பொறுப்பெடுத்தால், உங்களிடம் காட்ட எழுத்தில் ஏதாவது இருக்கவேண்டும்.

அனுப்பிய பிறகு

மூன்று வேலை நாள் பொறுத்திருங்கள். பதில் வரவில்லையென்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, புதிதாகத் தொடங்காமல், இரண்டு வரி எழுதுங்கள்: “ஜூன் 17 அன்று அனுப்பிய கோரிக்கையை நினைவூட்டுகிறேன். ஞாயிறு நேர்காணல்களைத் தற்போதைக்கு ஏற்பாடு செய்துள்ளேன், தங்கள் முடிவுக்கேற்ப மாற்றிக்கொள்வேன்.” அதற்கும் பதில் இல்லையென்றால் துறை அலுவலகத்துக்கு அழைத்து அவர் ஊரில் இருக்கிறாரா, விடுமுறையிலா என்று கேளுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுமதி கிடைக்காத நிலையில் ஜூன் 30 வந்துவிட்டால், மின்னஞ்சலில் சொன்ன மாற்று வழிப்படி 17 நேர்காணல் அத்தியாயத்தை அன்றே அனுப்பிவிடுங்கள். மேல் டிவிசன் தரவைப் பின்னர் சேர்க்கலாமா என்று அதோடு கேட்கலாம்.

அவர் குறைத்துத் தந்தால், உதாரணமாக “ஜூலை 14 வரை பாருங்கள்” என்று எழுதினால், உடனே “சரி” என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஜூலை 14 என்றால் மூன்றாவது ஞாயிறை விட்டுவிட்டு ஆறு நேர்காணலோடு நிறுத்தவேண்டும், எழுத்தில் இறக்குவதும் ஜூலை முதல் வாரத்திலேயே முடியவேண்டும். பேசியதை முழுதாக எழுதாமல் தேவையான பகுதிகளை மட்டும் எழுதினால் அது முடியும். அப்படிச் செய்யலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்ததும் திகதியை எழுதியே உறுதிசெய்யுங்கள்: “மிக்க நன்றி. 1 முதல் 3 வரையான அத்தியாயங்களை ஜூன் 30 அன்றும், 4ஆம் அத்தியாயத்தை ஜூலை 21 அன்றும் அனுப்புவேன்.” பிறகு ஜூன் 30 அன்று சொன்னபடி அந்த மூன்று அத்தியாயமும் போய்ச் சேரவேண்டும். நீடிப்புக் கேட்ட மாணவர் இந்த இடைத் திகதியைத் தவறவிட்டால், ஜூலை 21ஐ யாரும் நம்பமாட்டார்கள்.

முதல் இரண்டு ஞாயிறும் மழையில் போய்விட்டது என்றால் ஜூலை 20 வரை காத்திருக்காதீர்கள். இரண்டாவது ஞாயிறு, அதாவது ஜூன் 29 மாலையே எழுதிவிடுங்கள். அப்போது புதிய திகதி கேட்காமல், “ஜூலை 6 அன்று நான்கு பேரைச் சந்திக்க முடியும். 21 பேரோடு அத்தியாயத்தை ஜூலை 21 அன்றே தருகிறேன், மேல் டிவிசனில் மூவர் விடுபட்டதைக் குறிப்பிடுவேன்” என்று எழுதினால், அனுமதித்த திகதியும் நிற்கும், தூரம் பற்றிய கேள்விக்கு நான்கு பெற்றோரின் பதிலாவது கையில் இருக்கும்.